தொலைமருத்துவ ஆலோசனையில் மருந்துச் சீட்டு: குறிப்பிலிருந்து வரைவு வரை

மருத்துவரும் நோயாளியும் ஒரே கட்டிடத்தில் இருக்கும்போது மருந்துச் சீட்டில் ஒரு குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்ய வழி எளிது. மருந்து வழங்குபவர் சீட்டைத் திருப்பி அனுப்புவார், நோயாளி மீண்டும் மருத்துவர் அறைக்குச் செல்வார், ஐயம் தீர்ந்துவிடும். தொலைமருத்துவ ஆலோசனையில் இந்த வசதி இல்லை. திரையில் உரையாடல் முடிந்ததும் மருத்துவர் அடுத்த நோயாளியிடம் சென்றுவிடுகிறார். பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செவிலியரோ, மருந்துக் கடைக்காரரோ, குழந்தையின் தாயோ, கையிலுள்ள சீட்டை மட்டுமே கொண்டு மருந்தை அளக்கவேண்டியிருக்கிறது. சீட்டில் எழுதாமல் விட்டதை அவர்களில் யாரேனும் ஒருவர் தம் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார். அந்த ஊகத்திற்கு இடம் வைக்காமல் மருத்துவரின் குறிப்பை முழுச் சீட்டாக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் நாட்டில் இதற்கான விதிகள் தெளிவாக உள்ளன. 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. அவை இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொழில் ஒழுக்க விதிகளுடன் 5ஆம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. நெறிகள் மருந்துகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போன்ற பொது மருந்துகள் ‘ஓ’ பட்டியலில் உள்ளன. இவற்றை எவ்வகைத் தொலை ஆலோசனையிலும் எழுதலாம். ‘ஏ’ பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுதுவதானால் ஒளிக்காட்சி வழியே நோயாளியைக் கண்டிருக்க வேண்டும். ‘பி’ பட்டியல் மருந்துகள், நேரில் கண்டு ஆறு மாதத்திற்குள் அதே நோய்க்காக மறு ஆலோசனைக்கு வருவோருக்கு மட்டும் உரியவை. மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றையும், போதைப் பொருள் மற்றும் உளவெறிப் பொருள் சட்டத்தில் அடங்கியவற்றையும் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. வரைவைத் தொடங்குமுன் மருந்து எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று பார்ப்பது முதல் வேலை.

இ-சஞ்சீவனி திட்டத்தின்கீழ், இப்போது ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என வழங்கும் துணை சுகாதார நிலையங்களிலிருந்து மைய நிலைய மருத்துவர்களை நாடும் முறை 2019இல் தொடங்கியது. சமுதாய நல அலுவலர் நோயாளியைப் பரிசோதித்துத் திரையில் மருத்துவரிடம் காட்டுகிறார். சீட்டை மருத்துவரே எழுதுவதும் உண்டு; அவர் சொல்லியதையும் குறித்துவைத்ததையும் கொண்டு உதவிச் செவிலியர் வரைவு தயாரிக்க, மருத்துவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவதும் உண்டு. எப்படியாயினும் பொறுப்பு கையொப்பமிடும் மருத்துவருடையதே. பின்வரும் நிகழ்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது, பயிற்சிக்காக அமைத்துக்கொள்ளப்பட்டது.

குறிப்பு

இமயமலைச் சாரலில் ஒரு துணை நிலையம். மாவட்ட மருத்துவமனை 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2025 ஜூலை 14 அன்று காலை ஒரு தாய் தன் பெண் குழந்தையைக் கொண்டுவருகிறார். சமுதாய நல அலுவலர் எடை பார்த்து, காய்ச்சல் அளந்து, மாவட்ட மருத்துவமனையிலுள்ள மருத்துவரிடம் திரையில் காட்டுகிறார். ஆலோசனை எட்டு நிமிடத்தில் முடிகிறது. மருத்துவர் வைத்துச் சென்ற குறிப்பு, தமிழில் சொல்வதானால், இதுதான்:

“14 மா. பெண். 8.4 கிலோ. 2 நாளாக வயிற்றுப்போக்கு, நாளைக்கு 6–7. இரத்தம் இல்லை. வாந்தி 1. காய்ச்சல் 101.4. நீரிழப்பு இல்லை. பாராசிட்டமால் 5 மி.லி. எஸ்.ஓ.எஸ். ஓ.ஆர்.எஸ். ஜிங்க் ஓ.டி. x 14. வேறு மருந்து வேண்டாம். தாய்ப்பால் தொடரட்டும். 2 நாளில் பார். வீட்டில் பழைய பாரா. டிராப்ஸ் உண்டு.”

மருத்துவருக்கு இது முழுமையான குறிப்பு. ஏனெனில் குழந்தையின் முகமும், அலுவலரின் பதில்களும், மருந்துகளின் இயல்பும் அவர் மனத்தில் இருக்கின்றன. சீட்டைப் பெறுபவர் மனத்தில் அவை இல்லை. இதை விரிக்கும்போது வரைபவர் ஓர் எல்லையை மனத்திற்கொள்ள வேண்டும். குறிப்பிலுள்ளதைச் சொற்களாக விரிக்கலாம். நாட்களை எண்ணித் தேதியாக்கலாம். மொத்த அளவைக் கணக்கிடலாம். குறிப்பில் இல்லாத ஒரு மருத்துவ முடிவைத் தாமாகச் சேர்க்கக் கூடாது. அத்தகைய இடம் வந்தால் மருத்துவரைக் கேட்டே எழுதவேண்டும். இக்குறிப்பில் அப்படிப்பட்ட இடங்கள் சில உள்ளன.

முதலாவது கண்ணில் எளிதில் படாதது: நோய் என்னவென்று குறிப்பில் எழுதப்படவில்லை. அறிகுறிகள் இருக்கின்றன, முடிவு இல்லை. நோயையோ, தற்காலிக நோயறிதலையோ குறிக்காமல் மருந்து எழுதுவதைத் தொழில் ஒழுக்கக் கேடாக 2020 நெறிகள் கருதுகின்றன. “இரத்தமில்லாத கடும் வயிற்றுப்போக்கு, நீரிழப்பு இல்லை” என்று குறிப்பிலிருந்தே செவிலியர் ஊகித்துவிடலாம்; ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் அதை மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்வதே முறை. இக்குறிப்புக்கு எழுதப்பட்ட முதல் கேள்வி இது.

யாருடைய சீட்டு

அடையாளம் என்ற பகுதியைப் பலர் வெறும் படிவ வேலையாக எண்ணி விரைந்து முடிப்பதுண்டு. இந்நிகழ்வில் ஏற்படவிருந்த பெரும் பிழைகளுள் ஒன்று அங்கேதான் இருந்தது.

மலைக் கிராமங்களில் ஒரு தொலைபேசி எண் ஒரு குடும்பத்திற்கோ, சில வேளை இரு குடும்பங்களுக்கோ பொதுவாக இருக்கிறது. தாய் கொடுத்த எண்ணைப் பதிவேட்டில் இட்டபோது முதலில் வந்தது அக்குழந்தையின் அண்ணனுடைய பதிவு: வயது 4 ஆண்டு, எடை 15 கிலோ. கவனியாமல் அந்தப் பதிவின்மேல் சீட்டை எழுதியிருந்தால், மருந்துகள் தங்கைக்குரியனவாகவும் பெயரும் வயதும் அண்ணனுடையனவாகவும் அமைந்திருக்கும். மருந்து கொடுப்பவர் 4 வயது என்று படித்துவிட்டு, “இந்த அளவு குறைவாக இருக்கிறதே” என்று கூட்டிக்கொடுக்க முற்படலாம். பிழையான அடையாளம் சரியான அளவையும் பிழையாக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பதிவேட்டில் உள்ள வயது, எடை, பால் ஆகிய மூன்றையும் மருத்துவர் குறிப்பிலுள்ள மூன்றோடு ஒப்பிடவேண்டும். ஒன்று மாறினாலும் நிறுத்திவிட்டு அலுவலரைக் கேட்கவேண்டும். 14 மாதக் குழந்தைக்கு 8.4 கிலோ சற்றுக் குறைந்த எடையாயினும் நம்பத்தக்கதே. 15 கிலோ நம்பத்தகாதது. எடை எழுதும்போது புள்ளி தெளிவாக இருக்கவேண்டும். மங்கிய நகலில் 8.4 என்பது 84 ஆகத் தெரிந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள், ஆனால் 5.0 மி.லி. என்பது 50 மி.லி. ஆகத் தெரிந்தால் ஏமாறக்கூடும். ஆகவே முழு எண்ணுக்குப்பின் புள்ளியும் பூச்சியமும் இடுதல் கூடாது. அரைக்கு எழுதும்போது புள்ளிக்கு முன்னுள்ள பூச்சியத்தை விடுதலும் கூடாது.

நோயாளி சிறார் ஆதலால் உடன் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். அவர் யார் என்பதும் உறுதிசெய்யப்பட வேண்டும். தாயின் பெயரும், அவர் காட்டிய அடையாளச் சான்றின் வகையும் பதிவாகின்றன. சம்மதத்தைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. நோயாளி தாமே மருத்துவரை அழைத்தால் சம்மதம் உட்கிடையாகக் கொள்ளப்படும். இங்கு ஆலோசனையைத் தொடங்கியவர் சுகாதார ஊழியர். எனவே வெளிப்படையான சம்மதம் வேண்டும். தாய் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் ஒலிப்பதிவாகவோ, எழுத்தாகவோ பதிவேட்டில் நிற்கவேண்டும். சீட்டை நேரே ஒரு மருந்துக் கடைக்கு அனுப்புவதானால் அதற்கும் தனியே சம்மதம் பெறவேண்டும்.

மருத்துவரின் அடையாளமும் அதே அளவு தேவை. பெயர், பட்டம், பதிவு எண், முகவரி, தொடர்பு கொள்ளும் வழி ஆகியவை இல்லாத சீட்டை மருந்துக் கடைக்காரர் ஏற்கவேண்டியதில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளும் சீட்டில் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, வழங்கவேண்டிய மொத்த அளவு, உட்கொள்ளும் அளவு ஆகியவற்றைக் கோருகின்றன. மொத்த அளவை எழுதாத சீட்டுகளே மிகுதி என்பதை நடைமுறையில் காணலாம்.

ஐந்து மில்லிலிட்டர் என்பது எவ்வளவு

“பாராசிட்டமால் 5 மி.லி.” என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். அளவு சொல்லப்பட்டதுபோல் தோன்றுகிறது. உண்மையில் சொல்லப்பட்டது கொள்ளளவு மட்டுமே. நம் மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் பொதுவாக மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் ஒன்று, 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் மற்றொன்று, 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து மூன்றாவது.

குழந்தைக்குத் தரவேண்டியது எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 8.4 கிலோவுக்கு 126 மில்லிகிராம். 125 செறிவுள்ள சிரப்பில் 5 மி.லி. அளந்தால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும். மருத்துவர் மனத்தில் இருந்தது இந்தச் சிரப்தான். ஆனால் கடையில் 250 செறிவுள்ள புட்டி இருந்து, அதில் 5 மி.லி. கொடுத்தால், ஒருவேளைக்கே இருமடங்கு சென்றுவிடும். சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 5 மி.லி. கொடுத்தால் 500 மில்லிகிராம் ஆகும். ஒரு நாள் முழுவதற்கும் நான்கு வேளையாகக் கொடுக்கவேண்டிய அளவு ஒரே வேளையில் குழந்தையின் உடலில் சேரும். அதையே நாளைக்கு நான்கு முறை கொடுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 240 மில்லிகிராம் என்ற நிலை வந்து, ஈரல் பழுதுபடும் அபாயம் நேரிடும். தீங்கு உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால் தாய்க்கு எச்சரிக்கையும் கிடைக்காது.

இப்போது குறிப்பின் கடைசி வரியின் பொருள் விளங்கும். “வீட்டில் பழைய பாரா. டிராப்ஸ் உண்டு.” பழைய சொட்டு மருந்துப் புட்டி, புதிய சீட்டில் “5 மி.லி.”, அளக்க ஒரு தேக்கரண்டி: மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டன. தாய் பழைய புட்டியைப் பயன்படுத்தினால் அளவு மிகும். புதியதையும் பழையதையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் மிகும். மருத்துவர் இதை உணர்ந்தே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதை எழுதவில்லை. செறிவு எது, பழைய புட்டியை என்ன செய்வது என்பன மருத்துவரிடம் சென்ற இரண்டாம் கேள்வியாயின. 125 செறிவுள்ள சிரப் என்றும், துணை நிலைய இருப்பிலிருந்தே கொடுக்கலாம் என்றும், பழைய புட்டியை இந்த நோய்க்காலத்தில் தொடவேண்டாம் என்றும் பதில் வந்தது.

வரைவில் இதை எழுதும் ஒழுங்கு இது: முதலில் மருந்தின் பொதுப்பெயர், பிறகு வடிவம், பிறகு செறிவு, பிறகு ஒருவேளை அளவு மில்லிகிராமிலும் மில்லிலிட்டரிலும். இரண்டையும் எழுதுவது மிகையன்று. கடைக்காரர் வேறு செறிவுள்ள புட்டியைத் தர நேர்ந்தாலும், 125 மில்லிகிராம் என்ற எண் அவரைத் தடுத்து நிறுத்தும். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் இந்தத் தடை இல்லாமற்போகும். ஒரே வணிகப் பெயரில் இரு செறிவுகள் விற்பதும் உண்டு. பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று விதி கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து “எஸ்.ஓ.எஸ்.” என்ற மூன்றெழுத்து. தேவைப்பட்டால் என்று பொருள். எப்போது தேவை, எத்தனை மணிக்கு ஒருமுறை, நாளைக்கு அதிகபட்சம் எத்தனை முறை, எத்தனை நாள் என்ற நான்கையும் அது சொல்லவில்லை. காய்ச்சல் 101 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். 2 நாளுக்கு மேலும் காய்ச்சல் நீடித்தால் மருந்தைத் தொடராமல் குழந்தையைக் காட்டவேண்டும் என மருத்துவர் விரித்துரைத்தார். “ஓ.டி.” என்பதும் அவ்வாறே. நாளைக்கு ஒருமுறை என்று எழுதினால் யாரும் மயங்கமாட்டார்கள். கண் மருத்துவத்தில் அதே இரண்டு எழுத்துகளுக்கு வலக்கண் என்று பொருள்.

பதினான்கு

“ஜிங்க் ஓ.டி. x 14” என்பதில் 14 நாளா, 14 மாத்திரையா? இந்நிகழ்வில் இரண்டும் ஒன்றே. 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதாவது கரையும் மாத்திரை ஒன்று. 6 மாதத்திற்குட்பட்ட குழந்தையாயிருந்தால் 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. அப்போது 14 நாளுக்கு 7 மாத்திரை போதும். எனவே நாளையும் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதுவது நல்லது.

ஆனால் கால அளவில் உண்மையான சிக்கல் வேறொன்று. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் நின்றுவிடும். நின்ற பிறகு மருந்து எதற்கு என்று தாய் நிறுத்திவிடுவது இயல்பு. மீதி மாத்திரைகள் அடுத்த முறைக்கென்று பரணில் ஏறிவிடும். நோய் நீங்கிய பிறகும் துத்தநாகம் கொடுக்கக் காரணம் உண்டு. நடக்கும் வயிற்றுப்போக்கின் காலத்தையும் கடுமையையும் அது குறைப்பதோடு, முழுக்காலமும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் வருவதையும் குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரையின் அடிப்படை இதுவே. எனவே “14 நாள்” என்பதோடு நின்றுவிடாமல், “14.7.2025 முதல் 27.7.2025 வரை, வயிற்றுப்போக்கு நின்றாலும் தொடரவும்” என்று எழுதினால்தான் கால அளவு உண்மையில் எழுதப்பட்டதாகும். தொடக்க நாளைச் சேர்த்து எண்ணவேண்டும். 14உடன் 14ஐக் கூட்டி 28 என்று எழுதுவது வழக்கமான பிழை.

உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குக் குறிப்பில் அளவே இல்லை. 2 வயதுக்குட்பட்ட, நீரிழப்பு இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மி.லி. கொடுப்பது பொது நெறி. இங்கும் வரைபவர் தாமாக எழுதாமல் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டார். மொத்தம் எத்தனை பொட்டலம் என்பது கணக்கு. நாளைக்கு 7 முறை, முறைக்கு 100 மி.லி. எனில் 700 மி.லி.; ஒரு பொட்டலம் 1 லிட்டருக்கு உரியது. கலந்த கரைசலை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கக் கூடாது. மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே நாளைக்கு ஒன்றாக, மறுபார்வை வரை 2 பொட்டலம்.

பொட்டலத்தின் அளவையும் சீட்டில் எழுதவேண்டும். 20.5 கிராம் பொட்டலம் 1 லிட்டர் நீருக்கு, 200 மி.லி.க்குரிய சிறு பொட்டலமும் கடைகளில் விற்கிறது. சிறியதைப் பார்த்துப் பழகிய தாய் பெரியதை ஒரு குவளை நீரில் கலந்தால் கரைசலின் உப்புச்சத்து ஐந்து மடங்காகிவிடும். லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கவேண்டிய இடத்தில் 375 இருக்கும். கடல்நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ முக்கால் பங்கு. நீரிழப்பைத் தடுக்கவேண்டிய கரைசல் இரத்தத்தில் உப்பைக் கூட்டி வலிப்பு வரை கொண்டுசெல்லக்கூடும். குழந்தை கரைசலைத் துப்புவதும், கொடுத்த பின் தாகம் பெருகுவதும் இப்பிழையின் அடையாளங்கள்.

அறிவுரை

அறிவுரை என்ற தலைப்பின்கீழ் “நிறைய நீராகாரம், சுத்தம் பேணவும்” என்று எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது. அத்தகைய அறிவுரையால் தாய் செய்யக்கூடியது எதுவுமில்லை. குறிப்பிலுள்ள “2 நாளில் பார்” என்பதற்கு எங்கே, யாரை, எந்நாள் என்ற மூன்றும் வேண்டும். ஜூலை 16 புதன்கிழமை, இதே துணை நிலையம், அதே அலுவலர் என்று எழுதப்பட்டது. அதற்கு முன்பே வரவேண்டிய அபாயக் குறிகளையும் தாய் கண்ணால் காணக்கூடிய வகையில் எழுதவேண்டும். “நீரிழப்பு ஏற்பட்டால்” என்பது தாய்க்குரிய சொல்லன்று. கண் குழிதல், பால் குடிக்க மறுத்தல், குடித்ததையெல்லாம் கக்குதல், துவண்டு உறங்கிக்கொண்டே இருத்தல், 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம், வலிப்பு என்பவை அவருக்குரிய சொற்கள். “வேறு மருந்து வேண்டாம்” என்ற குறிப்பை விரிக்கும்போது, மலத்தை நிறுத்தும் மாத்திரையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கடையில் கேட்டு வாங்கவேண்டாம் என்று மருத்துவர் ஒப்புதலுடன் பெயர் சுட்டி எழுதப்பட்டது.

பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். “நீரிழப்பு இல்லை” என்று மருத்துவர் எழுதினாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தவர் அலுவலர். மருத்துவர் திரையில் கண்டார். அதை உள்ளவாறே எழுதவேண்டும். பின்னால் குழந்தையைக் காணும் வேறொரு மருத்துவர், எது நேரில் தொட்டு அறிந்தது, எது திரையில் கண்டது என்று தெரிந்துகொள்ள அதுவே வழி.

இவ்வளவும் சேர்ந்து வரைவு பின்வருமாறு அமைந்தது:

மருத்துவர்: பெயர், பட்டம், பதிவு எண், மருத்துவமனை முகவரி, தொலைபேசி
ஆலோசனை: 14.7.2025, காலை 10.40, ஒளிக்காட்சி வழி, முதல் ஆலோசனை
நோயாளி: பெயர், பெண், 14 மாதம், எடை 8.4 கிலோ (இன்று அளந்தது), முகவரி, தாயின் பெயர், தொலைபேசி
உடனிருந்தவர்: தாய் (அடையாளம் சரிபார்க்கப்பட்டது), வெளிப்படையான சம்மதம் பதிவு செய்யப்பட்டது
குறைபாடு: 2 நாளாக நீர்த்த மலம், நாளைக்கு 6–7 முறை, வாந்தி 1 முறை, இரத்தம் இல்லை
பரிசோதனை: வெப்பம் 101.4 டிகிரி பாரன்ஹீட். கண் குழியவில்லை, தோல் உடனே திரும்புகிறது (அலுவலர் பரிசோதித்து மருத்துவர் திரையில் கண்டது)
தற்காலிக நோயறிதல்: இரத்தமில்லாத கடும் வயிற்றுப்போக்கு, நீரிழப்பு இல்லை, காய்ச்சல்
மருந்து 1: உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், 20.5 கிராம். ஒரு பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கலக்கவும். ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மி.லி., கரண்டியால் சிறிது சிறிதாக. 24 மணி நேரத்திற்குப்பின் மீதியைக் கொட்டவும். மொத்தம் 2 பொட்டலம்.
மருந்து 2: துத்தநாகம் கரையும் மாத்திரை, 20 மில்லிகிராம். நாளைக்கு ஒரு முறை ஒரு மாத்திரை, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்து. 14.7.2025 முதல் 27.7.2025 வரை, வயிற்றுப்போக்கு நின்றாலும் தொடரவும். மொத்தம் 14 மாத்திரை.
மருந்து 3: பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.யில் 125 மில்லிகிராம். காய்ச்சல் 101 டிகிரியோ மேலோ இருந்தால் மட்டும் 125 மில்லிகிராம் (5 மி.லி.), புட்டியுடன் வரும் அளவு மூடியால். இடைவெளி குறைந்தது 6 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம், 2 நாள். மொத்தம் 60 மி.லி. புட்டி ஒன்று. வீட்டிலுள்ள பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுக்கக் கூடாது.
அறிவுரை: தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடரட்டும். மலத்தை நிறுத்தும் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் வாங்கவேண்டாம். மேலே கூறிய அபாயக் குறிகளுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மாவட்ட மருத்துவமனைக்கு வரவும். 108 ஊர்தியை அழைக்கலாம்.
மறுபார்வை: 16.7.2025 புதன், இதே துணை நிலையம்
இச்சீட்டு தொலைமருத்துவ ஆலோசனையின்பேரில் வழங்கப்பட்டது. மருத்துவர் கையொப்பம், முத்திரை.

தாய்க்குக் கொடுக்கும் படியில் “மேலே கூறிய” என்று எழுதாமல் அபாயக் குறிகள் ஏழும் வரிசையாக, இந்தியில், எழுதப்பட்டன.

மருத்துவர் வரைவைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுமுன் ஒரு வேலை எஞ்சியிருந்தது. அலுவலர் சீட்டைத் தாயிடம் படித்துக்காட்டி, “வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். மாத்திரையைப் பற்றியும் சிரப்பைப் பற்றியும் தாய் சரியாகவே சொன்னார். பொட்டலத்தைப் பற்றிச் சொல்லும்போது, லிட்டர் அளக்கும் பாத்திரம் வீட்டில் இல்லை, பெரிய பித்தளைக் குவளை இருக்கிறது, அதில் கலந்துகொள்வேன் என்றார். அக்குவளையின் கொள்ளளவு அவருக்கும் தெரியாது, அலுவலருக்கும் தெரியாது. அலுவலர் மேசையிலிருந்த ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியைக் காலிசெய்து தாயிடம் கொடுத்தார். திரையில் இருந்த செவிலியர் முதல் மருந்தின் வரியில் “1 லிட்டர்” என்பதற்குப் பின் “(துணை நிலையத்தில் கொடுத்த புட்டி நிறைய ஒரு முறை)” என்று சேர்த்தார். மருத்துவர் அவ்வரியை மீண்டும் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார்.